ஏழு நாள் பாஸ் எப்போது கட்டுப்படியாகும்?

துபாயில் வேலைக்கு வந்து இறங்கிய பையனுக்கு ரூமில் உள்ள அண்ணன்மார் முதலில் எடுத்துத் தருவது நோல் கார்டு. வெள்ளி நிறக் கார்டின் விலை 25 திர்ஹாம். அதில் 19 திர்ஹாம் பயணம் செய்வதற்கு உள்ளேயே இருக்கும். மெட்ரோ, பஸ், டிராம் மூன்றுக்கும் இந்த ஒரே கார்டுதான்.

நகரத்தை 7 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே மண்டலத்துக்குள் சுற்றினால் 3 திர்ஹாம், பக்கத்து மண்டலத்துக்குப் போனால் 5, அதையும் தாண்டினால் 7.50. எத்தனை ஸ்டேஷன் என்பது கணக்கில் வராது. எத்தனை மண்டலம் என்பதே கணக்கு.

“வாரப் பாஸ் போட்டுரு தம்பி, கவலையில்லை” என்று ரூமில் யாராவது சொல்வார்கள். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தெய்ராவில் தங்கி, மால் ஆஃப் தி எமிரேட்ஸ் பக்கம் கடையில் டியூட்டி பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். யூனியன் ஸ்டேஷனில் ஏறினால் ஒரு தடவைக்கு 7.50. வாரம் ஆறு நாள், போக வர 12 பயணம். 90 திர்ஹாம் ஆகிறது. எல்லா மண்டலத்துக்குமான ஏழு நாள் பாஸோ 110. வெள்ளிக்கிழமை டியூட்டிக்கும் சேர்த்து ஏழு நாளும் போனால்கூட 105தான்! பாஸ் வாங்கியவருக்கு நஷ்டம்.

அதே ஆள் முப்பது நாள் பாஸ் எடுத்தால் கதை மாறுகிறது. 26 நாள் டியூட்டிக்கு 52 பயணம், காசாகப் போட்டால் 390. பாஸ் 350. நாற்பது திர்ஹாம் மிச்சம். ஆனால் புதிதாக வந்தவர் கையில் முதல் மாதம் மொத்தமாக 350 இருக்குமா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் வாரப் பாஸ் யாருக்கு? வேலை தேடி இன்டர்வியூவுக்கு இன்று ஒரு மூலை, நாளை ஒரு மூலை என்று அலைகிறவருக்கு. நீண்ட பயணமாக வாரத்துக்குப் பதினைந்து தடவை ஏறினால் பாஸ் காசைத் திருப்பித் தந்துவிடும்.

பஸ்ஸில் புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் ஏறியதும் டிக்கெட் எடுத்தால் முடிந்தது. இங்கே இறங்கும்போதும் கதவருகே உள்ள கருவியில் கார்டைக் காட்ட வேண்டும். மறந்தால், எங்கே இறங்கினார் என்று தெரியாத கருவி அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடும். பக்கத்துத் தெருவுக்குப் போனவர் பேலன்ஸ் பார்த்துத் திகைப்பது இதனால்தான். ஒழுங்காகக் காட்டிவிட்டு 30 நிமிடத்துக்குள் மெட்ரோவில் நுழைந்தால் இரண்டும் ஒரே பயணமாகச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று: கூட்டமில்லையே என்று கோல்டு பெட்டியில் போய் உட்காரக்கூடாது. அபராதம் 100 திர்ஹாம்.

தெய்ராவில் தங்கி எதிர்க்கரை பர் துபாயில் வேலை செய்கிறவர்களில் பலர் இந்தக் கணக்கு எதற்கும் வருவதில்லை. மெட்ரோவில் 5 ஆகும் அதே தூரத்தை, அப்ரா எனும் மரப்படகில் 1 திர்ஹாம் நாணயம் கொடுத்துக் கடந்துவிடுகிறார்கள்.