கால் வட்டம் திரும்பும் எண்

i-ஐ வர்க்கப்படுத்தினால் −1 வரும் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாதே, இது மட்டும் எப்படி என்ற கேள்வி பலருக்கு மனதில் தங்கிவிடுகிறது. அதற்கு விடை அணிகளில் இருக்கிறது.

ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிப்புள்ளியை ஊசியால் குத்திப் பிடித்து, தாளைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் வட்டம் திருப்புங்கள். (1, 0) இருந்த புள்ளி (0, 1)-க்குப் போகும். (0, 1) இருந்தது (−1, 0)-க்குப் போகும். போய்ச் சேர்ந்த இடங்களை இரண்டு நிரல்களாக எழுதினால் ஓர் அணி கிடைக்கும்:

```
0  -1
1   0
```

இதுதான் i. இன்னொரு கால் வட்டம் திருப்பினால் ஒவ்வொரு புள்ளியும் நேர் எதிரே போய்விடும். அதாவது −1-ஆல் பெருக்கியதாகிறது. நான்கு உறுப்புகளும் மெய்யெண்கள்தான். கற்பனை எதுவும் இல்லை.

இதே வழியில் a + bi என்பதன் முதல் நிரல் a, b. அதைக் கால் வட்டம் திருப்பினால் கிடைக்கும் −b, a இரண்டாம் நிரல். 2 + i, 3 + i இரண்டையும் இப்படி எழுதிப் பெருக்கிப் பார்ப்போம்:

```
2  -1     3  -1     5  -5
1   2  ×  1   3  =  5   5
```

விடை 5 + 5i. சாதாரணமாக அடைப்பை நீக்கிப் பெருக்கினாலும் இதேதான் வரும். ஆனால் அணி இன்னொன்றையும் காட்டுகிறது. முதல் அணி தாளைச் சுமார் 26.57 பாகை திருப்பி √5 மடங்கு பெரிதாக்குகிறது. இரண்டாவது, சுமார் 18.43 பாகை திருப்பி √10 மடங்கு பெரிதாக்குகிறது. கோணங்களைக் கூட்டினால் சரியாக 45 பாகை. மடங்குகளைப் பெருக்கினால் √50. 5 + 5i-இன் திசையும் நீளமும் அவையே. இந்த 45 பாகை எதிர்பாராமல் வந்து நிற்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. திருப்புவதில் எதை முதலில் செய்தாலும் முடிவு ஒன்றுதான் என்பதால், பொதுவாக வரிசை மாற்றிப் பெருக்கக் கூடாத அணிகள் இங்கே மாற்றிப் பெருக்க இடம் தருகின்றன.

இந்தத் திருப்பும் பார்வையை 1797-இல் டேனிஷ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தவர் காஸ்பர் வெஸ்ஸல். அவர் நில அளவையாளர். திசையும் தூரமும் அவருக்கு அன்றாட வேலை.

பெரும்பாலும் தவறு நேர்வது கழித்தல் குறியில். அதை மறந்து i-ஐ இப்படி எழுதிவிட்டால்:

```
0  1
1  0
```

இது தாளைத் திருப்பாது. மூலைவிட்டக் கோட்டில் கண்ணாடி வைத்ததுபோல் பிம்பமாக்கிவிடும். இருமுறை செய்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவதால் வர்க்கம் +1 ஆகிவிடும். 2 + i-இலும் அதே தவறு நேர்ந்தால் நிரல்கள் (2, 1), (1, 2) ஆகும். தாளில் குறித்துப் பாருங்கள்: அவற்றுக்கிடையே செங்கோணம் இருக்காது, சதுரக் கட்டம் சாய்சதுரமாகச் சரிந்துவிடும். சரியான அணியில் கட்டம் பெரிதாகலாம், சிறிதாகலாம், திரும்பலாம், சதுரமாகவே இருக்கும்.