கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது?

மதுரையிலோ திருநெல்வேலியிலோ இயங்கும் ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை பெறுகிறது என்றால், அந்தப் பணம் முதலில் வந்து சேரும் கணக்கு அந்த ஊரில் இருக்காது. அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தக் கணக்கைப் புதுடெல்லி சன்சத் மார்க்கில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும். நிறுவனத்தின் கதவில் மதுரை முகவரி இருக்கும். அந்தக் கணக்கின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு SBIN0000691 என்றும், எம்.ஐ.சி.ஆர். குறியீடு 110002087 என்றும் இருக்கும். கணக்கு டெல்லியில் இருக்கிறது என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்த எண்களே சொல்லிவிடும்.

எப்படி என்று பார்ப்போம். காசோலையின் அடியில் வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கிறது. அதில் சற்றே விநோதமான வடிவில் எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். எந்திரம் படிப்பதற்காகக் காந்தத் தன்மையுள்ள மையால் அச்சிட்டவை அவை. அதனால்தான் அந்தப் பட்டையில் எழுதவோ, முத்திரை குத்தவோ, மடிக்கவோ கூடாது என்கிறார்கள். இடமிருந்து முதலில் வரும் ஆறு இலக்கங்கள் காசோலையின் எண். அடுத்து வரும் ஒன்பது இலக்கங்கள்தான் நமக்கு வேண்டிய எம்.ஐ.சி.ஆர். குறியீடு. அதற்குப் பின் கணக்கைக் குறிக்கும் ஆறு இலக்கங்களும், கடைசியாகக் காசோலையின் வகையைச் சொல்லும் இரண்டு இலக்கங்களும் வரும்.

அந்த ஒன்பதையும் மும்மூன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதல் மூன்று ஊர், நடு மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. ஊருக்கான எண்ணைப் புதிதாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களை ஒட்டியே அதை அமைத்திருக்கிறார்கள். சென்னைக்கு 600, மதுரைக்கு 625, கோவைக்கு 641, டெல்லிக்கு 110. நடுவில் உள்ள 002 பாரத ஸ்டேட் வங்கி. இந்தியன் வங்கிக்கு 019, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு 020, கனரா வங்கிக்கு 015. ஆக 110-002-087 என்பது டெல்லி, ஸ்டேட் வங்கி, அங்குள்ள கிளைகளில் 087 என்ற எண்ணைப் பெற்றது என்று விரியும். ஊரும் வங்கியும் கண்ணுக்கே தெரிந்துவிடுகின்றன. 087 எந்தத் தெருவில் இருக்கிறது என்பதற்கு மட்டும் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்காக வந்த ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் அமைப்பு வேறு. மொத்தம் பதினோரு இடங்கள். முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் வங்கியின் அடையாளம்: SBIN, IDIB, IOBA, CNRB. ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். எதிர்காலத் தேவைக்கென ஒதுக்கி வைத்த இடம் அது. O என்ற எழுத்தாக நினைத்து அதைத் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். 'குறியீடு தவறு' என்று திரையில் வரும்போது முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. கடைசி ஆறு இடங்கள் கிளைக்கு உரியவை. இதில் ஊரின் பெயரோ அஞ்சல் குறியீடோ கிடையாது. ஒவ்வொரு வங்கியும் தன் கிளைகளுக்குத் தான் வைத்த எண்ணையே இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறது.

அந்த எண்களுக்குள் சில இடங்களில் வரலாறே ஒளிந்திருக்கிறது. ஸ்டேட் வங்கியின் SBIN0000001 கொல்கத்தா முதன்மைக் கிளை. வங்கியின் மூலவேர் 1806-ல் அந்த ஊரில் தொடங்கிய பேங்க் ஆஃப் கல்கத்தா என்பதால் ஒன்றாம் எண் அங்கே போயிருப்பதில் வியப்பில்லை. மும்பை முதன்மைக் கிளைக்கு 300, சென்னை ராஜாஜி சாலையில் உள்ள முதன்மைக் கிளைக்கு 800. வங்காளம், பம்பாய், மதராஸ் என்ற மூன்று மாகாண வங்கிகளும் 1921-ல் இணைந்து இம்பீரியல் வங்கி ஆயின. அதுவே 1955-ல் ஸ்டேட் வங்கி ஆனது.

இந்தியன் வங்கி வேறு வழியில் போயிருக்கிறது. அதன் குறியீடுகளில் IDIB000 என்பதற்குப் பிறகு பெரும்பாலும் ஓர் ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கங்களும் வரும். அந்த எழுத்து கிளையின் பெயரில் வரும் முதல் எழுத்து. A என்று இருந்தால் அடையாறு போன்ற பெயர்களையும், M என்று இருந்தால் மயிலாப்பூர் போன்ற பெயர்களையும் தேடலாம்.

பாஸ்புக்கில் 'பிராஞ்ச் கோடு' என்று சிறிய எண் மட்டும் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். ஸ்டேட் வங்கி பாஸ்புக்கில் 00800 என்று இருக்கிறது என்றால், அதன் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து ஆறு இலக்கமாக்கி, SBIN0 என்பதோடு ஒட்டினால் SBIN0000800 கிடைத்துவிடும். கனரா வங்கியில் இந்த எண்ணை 'டிபி கோடு' என்பார்கள். நான்கு இலக்கமாக இருந்தால் முன்னால் இரண்டு பூஜ்யம் சேர வேண்டும். கிடைத்த குறியீட்டை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலிலோ அந்தந்த வங்கியின் கிளைத் தேடல் பக்கத்திலோ போட்டால் முகவரி வரும். இதற்கென்றே தனியார் இணையதளங்கள் பல இருக்கின்றன. ஆனால் மூடப்பட்ட கிளைகளின் விவரங்கள் அவற்றில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பதுண்டு, ஆகையால் கடைசி வார்த்தையாக அவற்றை எடுத்துக்கொள்வது நல்லதல்ல.

பாஸ்புக்கின் முதல் பக்கம் கிழிந்து, கணக்கு எண் மட்டும் மிஞ்சியிருந்தால்? சில வங்கிகளில் அதுவே கிளையைக் காட்டும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பதினைந்து இலக்கக் கணக்கு எண்ணில் முதல் நான்கும் கிளைக் குறியீடு. பேங்க் ஆஃப் பரோடாவின் பதினான்கு இலக்க எண்ணிலும் அப்படித்தான். ஸ்டேட் வங்கியின் பதினோரு இலக்க எண்ணில் இந்த வசதி இல்லை. அதை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் கிளை தெரியாது.

உண்மையான சிக்கல் வங்கி இணைப்புகளால் வருகிறது. நாகர்கோவிலில் ஒரு குடும்பம், காலமான தந்தையின் பெட்டியில் பழைய காசோலைப் புத்தகம் ஒன்றைக் கண்டெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே 'ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர்' என்று அச்சாகியிருக்கிறது. அப்படி ஒரு வங்கி இன்று இல்லை. 2017 ஏப்ரல் 1 அன்று அது ஸ்டேட் வங்கியோடு இணைந்துவிட்டது. பட்டையில் உள்ள ஒன்பது இலக்கங்கள் 629009 என்று தொடங்குகின்றன. 629 நாகர்கோவில் வட்டாரம், 009 திருவாங்கூர் வங்கி. இன்றைய பட்டியலில் 009 என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கிளைகள் ஸ்டேட் வங்கியின் 002-க்குள் வந்துவிட்டன. மேற்புறத்தில் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் இருந்தால் பாதை எளிது. SBTR0000 என்று தொடங்கி மூன்று இலக்கங்களில் முடிந்த திருவாங்கூர் வங்கிக் கிளைகள், இணைப்புக்குப் பிறகு SBIN0070 என்ற தொடக்கத்தோடு அதே மூன்று இலக்கங்களைப் பொதுவாகத் தக்கவைத்துக்கொண்டன. ஆக SBTR0000028 என்பது SBIN0070028 ஆக மாறியிருக்கும். அந்தக் குடும்பம் தங்கள் காசோலையில் உள்ள கடைசி மூன்று இலக்கங்களை அப்படிப் பொருத்தித் தேடிப் பார்க்கலாம். வருகிற முகவரி தந்தை போய்வந்த தெருவோடு ஒத்துப்போனால் சரியான இடம். போகாவிட்டால் அந்தக் கிளை மூடப்பட்டு, அருகிலிருந்த ஸ்டேட் வங்கிக் கிளையோடு கணக்குகள் சேர்க்கப்பட்டிருக்கலாம். பழைய குறியீட்டைக் காட்டினால் எந்த ஸ்டேட் வங்கிக் கிளையிலும் அதைக் கணினியில் தேடிச் சொல்ல முடியும்.

சிண்டிகேட் வங்கிக்கும் இப்படி ஒரு சூத்திரம் உண்டு. 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு அது இணைந்த பிறகு, கிளை எண்ணோடு பத்தாயிரத்தைக் கூட்டினார்கள். SYNB0003687 என்பது CNRB0013687 ஆயிற்று. 2021 ஜூலை 1 முதல் SYNB என்று தொடங்கும் குறியீடுகள் செல்லாமல் போயின. கரூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு வேறு கதை. 2020 நவம்பரில் அது டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. LAVB என்ற தொடக்கம் போய் DBSS என்ற தொடக்கம் வந்தது. இப்படி ஒவ்வோர் இணைப்புக்கும் வழி வேறு என்பதால், ஒன்றில் பலித்த சூத்திரத்தை இன்னொன்றில் போட்டுப் பார்க்கக் கூடாது.

குறியீடு சரியாக இருந்தும் கிளை தெரியாத இடங்களும் உண்டு. தமிழ்நாடு கிராம வங்கி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல்லவன், பாண்டியன் என்ற இரு கிராம வங்கிகள் 2019-ல் இணைந்து உருவான இந்த வங்கி, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. இதன் கிளைகள் IDIB0PLB001 என்ற ஒரே குறியீட்டைப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. இந்தியன் வங்கியின் வழியாகப் பரிமாற்றக் கட்டமைப்பில் இணைந்திருப்பதால் IDIB. நடுவிலுள்ள PLB பல்லவனின் எச்சம். பணம் இந்தக் குறியீட்டோடு சரியாகப் போய்ச் சேரும், ஏனென்றால் எந்தக் கணக்கு என்பதைக் கணக்கு எண் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கணக்கு விருதுநகரிலா, விழுப்புரத்திலா என்று குறியீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பாஸ்புக்கில் உள்ள கிளையின் பெயரையும் முத்திரையையும்தான் நம்ப வேண்டும்.

கணக்கை ஊர் மாற்றிக்கொண்டவர்களிடமும் இதே குழப்பம் வரும். ஸ்டேட் வங்கியில் கணக்கைச் சென்னையிலிருந்து திருச்சிக்கு மாற்றினால் கணக்கு எண் மாறாது, கிளை மட்டும் மாறும். கையிலிருக்கும் பழைய காசோலைகள் அச்சான நாளின் கிளையையே காட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வரி பதிந்த பாஸ்புக், அல்லது அண்மையில் எடுத்த கணக்கு அறிக்கை, எதைக் காட்டுகிறதோ அதுவே இன்றைய கிளை. இன்னொரு மயக்கம், காசோலையின் கடைசி இரண்டு இலக்கங்கள் 31 என்றோ 29 என்றோ இருந்து, மேலே 'எல்லாக் கிளைகளிலும் செலுத்தத்தக்கது' என்று அச்சாகியிருப்பது. 31 சேமிப்புக் கணக்கையும் 29 நடப்புக் கணக்கையும் குறிக்கும். எங்கே வேண்டுமானாலும் பணமாக்கலாம் என்பதால் கணக்குக்குத் தாய்க் கிளை இல்லை என்று ஆகிவிடாது. அது ஒன்பது இலக்கத்துக்குள் இருக்கிறது.

பத்தாண்டுகள் இயங்காமல் கிடந்த கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். அப்போதும் வாரிசுகள் அதைக் கேட்டுப் பெறலாம், கேட்க வேண்டிய இடம் வங்கிதான். ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கிய உத்கம் தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடினால், அதில் சேர்ந்துள்ள வங்கிகளில் உரிமை கோரப்படாத தொகை இருக்கிறதா என்று தெரியவரும். அங்கே கிடைக்கும் குறிப்பு எண்ணையும் பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும், இறப்புச் சான்றிதழையும், வாரிசுரிமைக்கான ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன வழியில் கண்டுபிடித்த கிளைக்கே நேராகப் போனால், ஊர் ஊராக விசாரிக்கும் அலைச்சல் குறையும்.