மெதுவான செயல்முறையின் படிச் சோதனையில் இறுதி மதிப்பை மதிப்பிடுதல்

ஆய்வுச்சுருக்கம்

வெப்பத் தொட்டி போன்ற மெதுவான செயல்முறையில் கைமுறைப் படிச் சோதனை நடத்தி, தாமத நேரத்துடன் கூடிய முதல்படி மாதிரியைப் பொருத்துவது வழக்கம். சோதனை முழுமையாக நிலைகொள்ளும் முன் நிறுத்தப்பட்டால் மாதிரியின் மூன்று அளவுகளும் பிழைபடுகின்றன. அப்பிழை தோன்றும் விதத்தையும், சம இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகளால் அதனைத் திருத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படிச் சோதனை, நேர மாறிலி, தாமத நேரம், இறுதி மதிப்பு.

முன்னுரை

நீராவியால் சூடாக்கப்படும் நீர்த்தொட்டி ஒன்றில் கட்டுப்படுத்தியைக் கைமுறைக்கு மாற்றி, வால்வின் திறப்பை 40 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காட்டிற்கு ஒரேயடியாக உயர்த்துவதாகக் கொள்வோம். வெப்பநிலை சிறிது நேரம் அசையாதிருந்து, பின் விரைவாக ஏறி, படிப்படியாகத் தளர்ந்து புதிய நிலையை அடைகிறது. இவ்வேற்றத்தைப் பின்வரும் சமன்பாடு குறிக்கிறது.

```
y(t) = K·Δu·(1 − e^(−(t−θ)/τ)),  t ≥ θ
```

இதில் K என்பது ஈட்டம். அதாவது வால்வின் ஒரு விழுக்காட்டு மாற்றத்திற்கு ஏற்படும் இறுதி வெப்பநிலை மாற்றம். τ நேர மாறிலி, θ தாமத நேரம்.

இருபுள்ளி முறை

சமன்பாட்டின்படி, மொத்த ஏற்றத்தில் 28.3 விழுக்காடு θ + τ/3 என்னும் நேரத்திலும், 63.2 விழுக்காடு θ + τ என்னும் நேரத்திலும் எட்டப்படுகின்றன. ஆகவே அவ்விரு நேரங்களையும் வரைபடத்தில் படித்தால் போதும்.

```
τ = 1.5·(t63 − t28)
θ = t63 − τ
```

வளைவின் மிகச் செங்குத்தான இடத்தில் தொடுகோடு வரையும் பழைய முறையைவிட இது நம்பகமானது. அளவீட்டு இரைச்சல் தொடுகோட்டின் சரிவை எளிதில் மாற்றிவிடும். எனினும் இருபுள்ளி முறையிலும் எல்லா விழுக்காடுகளும் இறுதி மதிப்பையே சார்ந்துள்ளன. மெதுவான செயல்முறையில் இடர் தோன்றுவது அவ்விடத்தில்தான்.

முன்கூட்டியே நிறுத்தியதன் விளைவு

பிழையின் அளவை அறிய, உண்மை அளவுகள் முன்பே தெரிந்த கணக்கு ஒன்றைக் கொள்ளலாம்: K = 0.8 °C/%, τ = 45 நிமிடம், θ = 6 நிமிடம். மொத்த ஏற்றம் 8.0 °C. இதன் 98 விழுக்காட்டை எட்ட θ + 4τ, அதாவது 186 நிமிடம் காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்திற்கும் மேல் கைமுறையில் விட இயலாது எனக் கருதி 96ஆம் நிமிடத்தில் சோதனையை முடித்தால், ஏற்றம் 6.9 °C மட்டுமே. இதனை இறுதி மதிப்பாகக் கொண்டால் t28 = 18.6, t63 = 41.6 நிமிடம். எனவே K = 0.69, τ = 34.5, θ = 7.1 எனக் கிடைக்கின்றன. ஈட்டம் ஏறத்தாழ 14 விழுக்காடும், நேர மாறிலி 23 விழுக்காடும் குறைந்துவிட்டன. தாமத நேரமோ கூடிவிட்டது.

மூன்று அளவீடுகளால் திருத்தம்

தாமத நேரம் கழிந்த பின், சம இடைவெளிகளில் நிகழும் ஏற்றங்கள் பெருக்குத் தொடராகக் குறைகின்றன. மேற்கண்ட சோதனையில் 36, 66, 96ஆம் நிமிடங்களில் ஏற்றம் முறையே 3.9, 5.9, 6.9 °C. அடுத்தடுத்த ஏற்றங்கள் 2.0, 1.0 °C, விகிதம் 0.5. ஆகவே இனி வரவேண்டியவை 0.5, 0.25, 0.125 எனத் தொடர்ந்து, கூட்டுத்தொகை 1.0 °C ஆகும். இறுதி ஏற்றம் 7.9 °C. இதனைக் கொண்டு இருபுள்ளி முறையை மீண்டும் செய்தால் t28 = 20.8, t63 = 50.0 நிமிடம்; K = 0.79, τ = 43.8, θ = 6.2 எனக் கிடைக்கின்றன. இவை உண்மை அளவுகளுக்கு மிக அருகில் உள்ளன.

விகிதம் தனியாகவும் சான்று தருகிறது: 30 நிமிட இடைவெளியில் விகிதம் 0.5 என்றால் τ = 30/0.693 = 43.3 நிமிடம். இருவழியில் பெற்ற τ மதிப்புகள் ஒத்துவந்தால் முதல்படி மாதிரி பொருந்துகிறது எனலாம். விகிதம் 1ஐ நெருங்கி, ஏற்றங்கள் குறையாதிருந்தால், அச்செயல்முறை தானாக நிலைகொள்வதன்று. அதற்கு இம்மாதிரி பொருந்தாது.

வரம்புகள்

இம்முறை அளவீட்டுப் பிழைக்கு எளிதில் ஆட்படும். கடைசி அளவீடு 6.9க்குப் பதில் 7.0 எனப் பதிவானால் விகிதம் 0.55 ஆகி, இறுதி மதிப்பு 8.3 °C என உயர்கிறது. எனவே ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே அளவீட்டை நம்பாமல், அருகிலுள்ள சில அளவீடுகளின் சராசரியைக் கொள்வது நலம். இடைவெளி நேர மாறிலியை ஒப்பிடச் சிறிதாக இருந்தாலும் பிழை பெருகும்.

உள்வரும் நீரின் வெப்பநிலை சோதனையின்போது மாறினால் அதன் விளைவும் ஏற்றத்தோடு கலந்துவிடும். வளைவின் தோற்றத்தால் மட்டும் இதனை அறிய இயலாது. வால்வை மீண்டும் 40 விழுக்காட்டிற்குக் கொண்டுவந்து இறக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். இறக்கத்தின் இறுதி மதிப்பு தொடக்க வெப்பநிலையோடு பொருந்தாவிடில், புறமாற்றமோ வால்வின் ஒட்டுதலோ இடம்பெற்றுள்ளது எனக் கொண்டு சோதனையை மீண்டும் நடத்த வேண்டும்.

முடிவுரை

முழுமை பெறாத சோதனையின் கடைசி அளவீட்டை இறுதி மதிப்பாகக் கொள்ளும்போது ஈட்டமும் நேர மாறிலியும் குறைந்தும், தாமத நேரம் கூடியும் தோன்றுகின்றன. எஞ்சிய ஏற்றத்தை விகிதத்தால் மதிப்பிட்ட பின்னரே இருபுள்ளி முறையைக் கையாளுதல் தக்கது. அம்மதிப்பீட்டின் நம்பகத்தன்மையை மறுதிசைப் படிச் சோதனை உறுதி செய்கிறது.