மூன்றாகப் பிரித்தால் மட்டும் சேரும் அட்டவணை

மேலக்கடையில் போல்ட் கிடைக்கிறது. பாலம் கட்டும் வேலைக்குப் போல்ட் வாங்குகிறார்கள். மேலக்கடை பாலத்துக்குச் சரக்கு அனுப்புகிறது. இந்த மூன்றும் உண்மையென்றால், மேலக்கடை பாலத்துக்குப் போல்ட் கொடுக்கிறதா?

கொடுக்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் மேலக்கடையின் போல்ட் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய், பாலத்துக்கு அந்தக் கடையிலிருந்து கேபிள் மட்டும் போயிருக்கலாம். பாலத்துக்கான போல்ட் கீழக்கடையில் வாங்கியதாக இருக்கலாம். அப்போதும் மேலே சொன்ன மூன்றும் உண்மையாகவே இருக்கும். அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் பொய்யாகிவிடும். இந்த வகைத் தவறான முடிவை ‘இணைப்புப் பொறி’ என்று பெயரிட்டு எச்சரித்தவர் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட். தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் முறையை உலகுக்கு அறிமுகம் செய்த அவருடைய 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. சப்ளையர், பொருள், திட்டம் என்ற மூன்றும் சேர்ந்த உதாரணமும் அதில் உண்டு. பிறகு வந்த பாடநூல்களும் அந்த மூன்றையே பிடித்துக்கொண்டன.

ஓர் அலுவலகம் தன் கொள்முதலை இப்படி ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம்.

மேலக்கடை – போல்ட் – பள்ளி
மேலக்கடை – கேபிள் – பாலம்
கீழக்கடை – போல்ட் – பாலம்

இந்த அலுவலகத்தில் ஒரு விதியும் இருக்கிறது. ஒரு கடை ஒரு பொருளை விற்கிறது, ஒரு திட்டம் அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறது, அந்தக் கடை அந்தத் திட்டத்துக்கு ஏற்கெனவே எதையாவது கொடுத்து வருகிறது என்றால், அந்தப் பொருளையும் அந்தக் கடையிடம் அந்தத் திட்டத்துக்கு வாங்கியே ஆக வேண்டும். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விதி இருப்பதால் மேலே உள்ள மூன்று வரிகள் போதாது. ‘மேலக்கடை – போல்ட் – பாலம்’ என்ற நான்காவது வரியும் இருந்தாக வேண்டும். அதை யாராவது எழுத மறந்தால் அட்டவணை விதியை மீறுகிறது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. இருக்கிற ஒவ்வொரு வரியும் சரியானதுதானே.

நீக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. நான்கு வரிகளும் இருக்கும் நிலையில், பாலத்துக்கு மேலக்கடையின் போல்ட் இனி வேண்டாம் என்று அந்த நான்காவது வரியை மட்டும் அழித்தால், மற்ற மூன்றும் சேர்ந்து அதைத் திரும்பக் கேட்கும். ஆகவே இன்னொன்றையும் அழிக்க வேண்டும். எதை? மேலக்கடை போல்ட் விற்பதையே நிறுத்திவிட்டதா, பாலத்துக்குப் போல்ட்டே தேவையில்லையா, மேலக்கடைக்கும் பாலத்துக்கும் இருந்த தொடர்பு முறிந்ததா? மூன்றும் வேறு வேறு செய்திகள். அழித்தவர் மனதில் இருந்தது எது என்று இந்த ஒற்றை அட்டவணையால் சொல்ல முடியாது. இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய குறை இதுதான்.

அட்டவணையைப் பிரிப்பதே தீர்வு. இங்கேதான் ஒரு விநோதம் காத்திருக்கிறது. வழக்கமாக ஓர் அட்டவணையை இரண்டாகப் பிரிப்பார்கள். தேவைப்பட்டால் அந்தத் துண்டுகளில் ஒன்றை மறுபடி இரண்டாக்குவார்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் இயல்பு வடிவங்கள் எல்லாம் இந்த வழியில் கிடைப்பவைதான். நம்முடைய நான்கு வரி அட்டவணை அதற்கு மசியாது.

முதலில் கடை–பொருள் என்று ஒரு துண்டும் பொருள்–திட்டம் என்று ஒரு துண்டும் எடுப்போம். இரண்டையும் பொருளை வைத்துச் சேர்த்தால் நான்கு வரிகளுக்குப் பதில் ஐந்து வருகின்றன. கூடுதலாக முளைத்தது ‘கீழக்கடை – போல்ட் – பள்ளி’. கீழக்கடை போல்ட் விற்கிறது, பள்ளிக்குப் போல்ட் வேண்டும், ஆனால் அந்தக் கடைக்கும் பள்ளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆக இது போலி வரி. கடை–பொருள், திட்டம்–கடை என்ற இரண்டைச் சேர்த்தாலும் ஐந்துதான். இம்முறை போலி ‘மேலக்கடை – கேபிள் – பள்ளி’. பொருள்–திட்டம், திட்டம்–கடை என்று முயன்றால் ‘கீழக்கடை – கேபிள் – பாலம்’ என்று மூன்றாவதாக ஒரு போலி. எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு பொய் நுழைகிறது. விட்டுப்போன மூன்றாவது துண்டையும் சேர்த்த உடனே அந்தப் பொய் உதிர்ந்து, பழைய நான்கு வரிகளும் கூடாமல் குறையாமல் திரும்பி வருகின்றன.

ஓர் அட்டவணை தன்னுடைய இன்ன இன்ன துண்டுகளைச் சேர்த்தால் எப்போதும் அப்படியே மீளும் என்ற கட்டுப்பாட்டுக்கு இணைப்புச் சார்பு என்று பெயர். அந்த மீட்சி அட்டவணையின் சாவிகளால் தானாகவே உறுதியாகிவிட்டால் கவலை இல்லை. சாவிக்குத் தொடர்பில்லாத வேறொரு விதியால் அது வந்தால், அட்டவணை இன்னும் ஐந்தாம் இயல்பு வடிவத்தை எட்டவில்லை என்று பொருள். நம் அட்டவணையில் மூன்று நெடுவரிசைகளும் சேர்ந்ததுதான் சாவி. மீட்சியோ ஒப்பந்த விதியால் வருகிறது. அதனால் நான்காம் வடிவத்தில் தேறும் இது ஐந்தாம் வடிவத்தில் தேறாது. இந்த ஐந்தாம் வடிவத்தை 1979இல் வரையறுத்தவர் ரொனால்டு ஃபேகின்; அவரும் ஐபிஎம் ஆய்வாளர்தான்.

மூன்று சிறு அட்டவணைகளாக வைத்த பிறகு, முன்பு பதில் கிடைக்காத கேள்விக்குப் பதில் எளிது. மேலக்கடை போல்ட் விற்பதை நிறுத்தினால் கடை–பொருள் அட்டவணையில் ஒரு வரி போகும். தொடர்பு முறிந்தால் திட்டம்–கடை அட்டவணையில் ஒரு வரி போகும். ஒவ்வொரு செய்திக்கும் ஓரிடம்.

ஆனால் விதி இல்லாத இடத்தில் இப்படிப் பிரிப்பது ஆபத்து. தொடக்கத்தில் பார்த்த மூன்று வரி அட்டவணையை, எந்த ஒப்பந்தமும் இல்லாத அலுவலகம் ஒன்று மூன்றாகப் பிரித்தால், சேர்க்கும்போது நான்கு வரிகள் வரும். நடக்காத கொள்முதல் ஒன்று நடந்ததாகக் கணினி சொல்லும். அது காட் சொன்ன பொறியின் இன்னொரு வடிவம்தான். அன்றாட வணிகத்தில் நம் ஒப்பந்தத்தைப் போன்ற விதி அபூர்வம். எத்தனை போல்ட் என்ற அளவு நெடுவரிசை ஒன்று வந்துவிட்டாலும் இந்தப் பிரிப்பு நிற்காது. அளவு என்பது கடை, பொருள், திட்டம் மூன்றுக்கும் சேர்ந்த செய்தி; எந்த ஜோடியிலும் அதை வைக்க முடியாது. காட் 1970இல் காட்டிய அட்டவணையில் அளவு இருந்தது.

கையில் இருக்கும் அட்டவணையைச் சோதிக்க ஒரு சிறிய கேள்வி போதும். `spj` என்ற அட்டவணையில் கடை `s`, பொருள் `p`, திட்டம் `j` என்று கொண்டால்:

```sql
SELECT a.s, a.p, b.j
FROM spj a
JOIN spj b ON b.p = a.p
JOIN spj c ON c.j = b.j AND c.s = a.s
EXCEPT
SELECT s, p, j FROM spj;
```

விதி கேட்கும், ஆனால் அட்டவணையில் இல்லாத வரிகளை இது காட்டும். நம் மூன்று வரிகளில் ஓட்டினால் ‘மேலக்கடை – போல்ட் – பாலம்’ வெளியே வரும். வரி ஏதாவது வந்தால், ஒன்று அந்த விதியே இல்லை, அல்லது யாரோ எழுத மறந்திருக்கிறார்கள். எதுவும் வராவிட்டால் விதி இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இன்றைய தரவு தற்செயலாக அப்படி அமைந்திருக்கலாம். அதைக் கொள்முதல் பிரிவில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லா அட்டவணைகளையும் இப்படிச் சோதிக்க வேண்டியதில்லை. ஓர் அட்டவணை மூன்றாம் வடிவத்தில் இருந்து, அதன் ஒவ்வொரு சாவியும் ஒரே நெடுவரிசையாக இருந்தால், அது ஐந்தாம் வடிவத்திலும் இருக்கும் என்று டேட்டும் ஃபேகினும் 1992இல் நிறுவினார்கள். இங்கே ‘ஒவ்வொரு’ என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கொள்முதல் அட்டவணையில் வரிசை எண் என்று புதிய நெடுவரிசையைச் சேர்த்து, அதைச் சாவி என்று அறிவித்தாலும், கடை–பொருள்–திட்டம் என்ற பழைய கூட்டுச் சாவி அங்கேயே இருக்கும். அதனால் இந்தச் சலுகை அந்த அட்டவணைக்குக் கிடைக்காது.