ஏழு நாளில் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைக்கு என்ன மதிப்பு?

தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் பேருந்து பிடித்து முனைவர் பட்டம் படிக்கப் போகிறவர்களின் கைபேசிக்கு இப்படியொரு செய்தி வந்திருக்க வாய்ப்புண்டு. ‘மதிப்பிற்குரிய பேராசிரியரே’ என்று தொடங்கும். பெறுபவர் இன்னும் மாணவர்தான் என்பது அனுப்பியவருக்குப் பொருட்டில்லை. ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டு, இம்பாக்ட் ஃபேக்டர் உண்டு, ஏழு நாளில் வெளியீடு, கூடவே சான்றிதழும் கிடைக்கும் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் கட்டணமும் கூகுள் பே எண்ணும் வரும். ‘பேப்பர் போட்டாச்சா?’ என்று கைடு கேட்டுக்கொண்டே இருக்கும் நேரத்தில் இந்தச் செய்தி கையில் கிடைத்தால், அதை ஒதுக்கித் தள்ளுவது எளிதல்ல.

ஒழுங்கான ஆய்விதழ் தனக்கு வரும் கட்டுரையை அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பும். அவர்கள் ஆய்வுமுறையில் ஓட்டை இருக்கிறதா, தரவு முடிவைத் தாங்குகிறதா என்று பார்த்துக் கேள்வி கேட்பார்கள். எழுதியவர் திருத்தி அனுப்ப வேண்டும், அல்லது கட்டுரை திரும்பி வந்துவிடும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். போலி ஆய்விதழ் இந்த ஒரு வேலையை மட்டும் விட்டுவிட்டு, அதைச் செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்குகிறது. கட்டணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் போலி ஆகிவிடாது. வாசகருக்கு இலவசமாகத் திறந்திருக்கும் நல்ல இதழ்கள் பலவும் எழுதுபவரிடம்தான் செலவை வாங்குகின்றன. சோதிப்பதாகச் சொல்லிவிட்டுச் சோதிக்காமல் விடுவதே மோசடி.

இந்த வியாபாரம் இந்தியாவில் செழித்ததற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கல்லூரி ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் முறை கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வந்தது. ஆய்வகமோ நல்ல நூலகமோ இல்லாத, வாரம் முழுக்க வகுப்பெடுக்கிற கல்லூரி ஆசிரியரும் புள்ளி சேர்த்தாக வேண்டும். 2016 விதிமுறைகளின்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மாணவர் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்றும் இருந்தது. தேவை பெருகியதும் அதை நிரப்ப ஆட்கள் வந்தார்கள்.

போலிகளைத் தடுக்கவென்று மானியக் குழு 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களும் அதில் சேர்ந்தன. பூஷண் பட்வர்தன் உள்ளிட்டோர் அந்தப் பரிந்துரைப் பகுதியிலிருந்து 1,009 இதழ்களை எடுத்து அலசி, 2018 மார்ச்சில் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அடிப்படைத் தகுதிகளை நிறைவு செய்தவை 112 மட்டுமே. அதே ஆண்டு மே மாதம் மானியக் குழு 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு ‘யு.ஜி.சி. கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது; 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. கட்டாயக் கட்டுரை விதி 2022லேயே தளர்ந்துவிட்டது. ஆக, இன்று ஓர் இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எழுதுகிறவரிடமும் அவருடைய கல்லூரியிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

சோதனை இல்லாமல் ஒரு கட்டுரை வெளியானால் உள்ளே என்ன இருக்கக்கூடும் என்பதை 2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் காட்டினார். ‘சயின்ஸ்’ இதழுக்காக அவர் வேண்டுமென்றே பிழையான கட்டுரை ஒன்றைத் தயாரித்தார். பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கன் என்ற உயிரியிலிருந்து எடுத்த ஒரு மூலக்கூறு புற்றுநோய் அணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது அதன் செய்தி. எழுதியவர் பெயரும் கற்பனை, அவர் வேலை செய்ததாகச் சொன்ன ஆப்பிரிக்க நிறுவனமும் கற்பனை.

பிழைகளை அவர் ஒளித்து வைக்கவில்லை. மருந்தின் அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறது என்று கட்டுரை சொன்னது. பக்கத்திலிருந்த வரைபடத்திலோ எல்லா அளவிலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவது பிழை இன்னும் பெரியது. மூலக்கூறை ஆல்கஹால் நிறைந்த கரைசலில் கலந்து புற்றுநோய் அணுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒப்பிடுவதற்காகத் தனியே வைத்த அணுக்களுக்கும் மூலக்கூறு இல்லாத அதே கரைசலைக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. ஆல்கஹால் அணுக்களைக் கொல்லும் என்பது ஏற்கெனவே தெரிந்தது. அப்படியானால் அணுக்கள் செத்தது மூலக்கூறாலா ஆல்கஹாலாலா என்று அந்தச் சோதனையால் சொல்லவே முடியாது. இளநிலை வேதியியல் மாணவருக்கே பிடிபட வேண்டிய ஓட்டை இது.

இந்தக் கட்டுரையின் வடிவங்கள் 304 இதழ்களுக்குப் போயின. 157 ஏற்றுக்கொண்டன, 98 மறுத்தன. மற்றவை செயலற்றுக் கிடந்தன அல்லது முடிவு சொல்லவில்லை. அறிவியல் பிழையைச் சுட்டிய கருத்து வந்தது 36 இடங்களிலிருந்துதான். அவற்றிலும் 16 இடங்களில், மதிப்பாய்வாளர் சொன்னதை மீறி ஆசிரியர் கட்டுரையை ஏற்றார். அனுப்பிய இதழ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தியாவைத் தளமாகக் கொண்டவை. அவற்றில் 64 ஏற்றன, 15 மறுத்தன. சந்தா வாங்கி நடக்கும் இதழ்களுக்கும் இதே கட்டுரையை அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்ற குறை இந்தச் சோதனைக்கு உண்டு. பன்னாட்டுப் பெரிய பதிப்பகங்களின் சில இதழ்கள்கூட இதில் சிக்கின. ஆகவே பதிப்பகத்தின் பெயரை மட்டும் பார்த்து நம்பவும் முடியாது.

ஹைதராபாத்தின் ‘ஓமிக்ஸ்’ விவகாரம் நீதிமன்றம் வரை போனது. நூற்றுக்கணக்கான இதழ்களை நடத்திய அந்த நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016 ஆகஸ்டில் வழக்குத் தொடர்ந்தது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே கட்டணத்தைச் சொன்னார்கள், சம்மதம் பெறாதவர்களின் பெயரை ஆசிரியர் குழுவில் போட்டார்கள், மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொன்னார்கள், கட்டுரையைத் திரும்பக் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி உத்தரவிட்டது.

இந்தக் குற்றச்சாட்டுகளையே சோதிக்கும் கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு பெயரை எடுத்து, அவர்கள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் தேட வேண்டும். அந்த இதழைப் பற்றி அவர்களே எங்கும் குறிப்பிடவில்லை என்றால் அவர்களுடைய அலுவலக முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். அடுத்து, வெளியான நான்கைந்து கட்டுரைகளைத் திறந்து முதல் பக்கத்தில் பெறப்பட்ட தேதியையும் ஏற்கப்பட்ட தேதியையும் பார்க்க வேண்டும். வரிசையாக எல்லாம் மூன்று நாள், ஐந்து நாள் இடைவெளியில் ஏற்கப்பட்டிருந்தால் படித்துப் பார்த்தவர் யாருமில்லை என்று கொள்ளலாம். தமிழ் இலக்கியம், தாவரவியல், வணிகவியல், கணினி எல்லாம் ஒரே இதழில் கலந்து கிடந்தால், அத்தனையையும் மதிப்பிட அங்கே ஆள் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைத் தரச்சான்றாக நினைப்பது நம் கல்லூரிகளில் ஆழமாக ஊறிய தவறு. அது தொடர் வெளியீட்டை அடையாளம் காணும் எண், அவ்வளவுதான். உள்ளடக்கத்தின் தரத்தைப் பார்த்து அது தரப்படுவதில்லை. அந்த எண்ணும் உண்மைதானா, அதே பெயருக்குரியதா என்று portal.issn.org தளத்தில் பார்த்துவிடலாம். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடும் அளவு. ‘குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்’ போன்ற பெயர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கூகுள் ஸ்காலரில் கிடைப்பதும் சான்றல்ல, அது எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்ளும். திறந்த அணுக்க இதழ்களை doaj.org தளத்தில் தேடலாம்; பொஹானனின் சோதனையில் அதிலிருந்த இதழ்களும் ஏமாந்தன, அதன் பிறகே அது தன் விதிகளை இறுக்கியது. உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நகல் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஆகவே செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், இதழை நடத்தும் சங்கத்தின் அல்லது பல்கலைக்கழகத்தின் பக்கத்திலிருந்து உள்ளே போவது நல்லது.

இப்படிப்பட்ட இதழில் வந்த கட்டுரை பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நேர்மையாக வேலை செய்த ஆய்வாளரும் அவசரத்திலோ அறியாமலோ அங்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு கட்டுரையைச் சான்றாகக் காட்டும்போது, தெரிந்தவர்கள் பார்த்துக் கேள்வி கேட்டு அதற்குப் பிறகே இது வந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறோம். போலி இதழில் அந்தப் பகுதி காலி. மிஞ்சுவது எழுதியவரின் வார்த்தை மட்டும். அவர் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தால் எவ்வளவு நம்புவோமோ அவ்வளவுதான் நம்ப முடியும். ஒரு மூலிகை மருந்து விளம்பரம் ‘சர்வதேச ஆய்விதழில் வெளியானது’ என்று சொன்னால், பொஹானனின் லைக்கன் கட்டுரையையும் 157 இதழ்கள் வெளியிட ஏற்றுக்கொண்டன என்பதை நினைத்துக்கொள்ளலாம். வெளியான பிறகு பிழை தெரியவந்தாலும் அங்கே திருத்தம் போட யாருமில்லை. தளம் மூடப்பட்டால் மேற்கோள் காட்டியதே காணாமல் போகும்.

பொய்யைவிட உண்மையான தரவு இப்படிக் கெடுவதுதான் பெரிய வேதனை. டேவிட் மோஹரும் குழுவினரும் போலியென ஐயப்பட்ட இதழ்களிலிருந்து 1,907 உயிர்மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்து 2017இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அவற்றில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களின் தரவு இருந்தது. நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றதாகச் சொன்னவை நாற்பது சதவீதம்தான். தொடர்புக்குரிய ஆசிரியர்களில் இந்தியாவைச் சேர்ந்தவர்கள் 27 சதவீதம். இரத்தம் கொடுத்த, கேள்விகளுக்குப் பதில் சொன்ன நோயாளிகளின் விவரம் ‘மெட்லைன்’ போன்ற முறையான தொகுப்புகளில் இடம்பெறாமல், அந்த நோயைப் பற்றி முழுத் தொகுப்பாய்வு செய்பவரின் கண்ணில் படாமலே போகக்கூடும்.

ஏற்கெனவே பணம் கட்டிக் கட்டுரை வந்துவிட்டவர்களுக்கு வழி குறுகல். வெளியான கட்டுரையை நல்ல இதழ் மறுபடி வாங்காது. திரும்பப் பெறவும் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்கின்றன. பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடவில்லை, பணமும் கட்டவில்லை என்றால், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக உடனே மின்னஞ்சலில் எழுதி, அதன் பிரதியைக் கைடிடமும் துறைத் தலைவரிடமும் கொடுத்து வைக்க வேண்டும். பிற்காலத்தில் வேறு இதழுக்கு அனுப்பும்போது காட்ட அந்த மின்னஞ்சல் தேவைப்படும்.