வாக்குக் கேட்கும் ஒரு நிமிடம்

மாணவர் தேர்தல் வந்துவிட்டால் தமிழாசிரியரைத் தேடி வரும் மாணாக்கர் பலராவர். முன்னாளில் அவர்கள் கொணர்ந்தவை மேடைப் பேச்சுக்கள். இக்காலத்தில் கொணர்வன காணொளிக்குரிய எழுத்துப்படிகள். அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் 1 நிமிடம், பொறுப்பாசிரியர் தமது கைத்தொலைபேசியிற் பதிவு செய்வார், மண்டபத்திலே வெண்திரையிற் காட்டப்படும், மறுநாள் வாக்களிப்பு. இவ்வொரு நிமிடத்துக்கு எழுதுவது எவ்வாறு என்பதனை, எம்மிடம் வந்த ஓர் எழுத்துப்படி திருத்தம் பெற்ற வரலாற்றைக் கொண்டு விளக்குவாம்.

உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் 2 பக்கம் எழுதி வந்தான். “கல்லூரியின் கீர்த்தியை நிலைநாட்டுவேன், மாணவரின் குரலாக ஒலிப்பேன், சிற்றுண்டிச்சாலையில் விலைகளைக் குறைப்பேன், நூலகத்தைச் சீர்திருத்துவேன்” என ஒன்பது வாக்குறுதிகள் அதிலிருந்தன. உரக்கப் படிக்கச் செய்து கடிகாரத்தைப் பார்த்தோம். 3 நிமிடத்துக்கு மேற் சென்றது. தமிழ்ச் சொற்கள் விகுதியும் வேற்றுமையும் ஏற்று நீள்வன. ஆதலின் பின்வரிசையிலிருப்போர்க்கும் விளங்குமாறு பேசுபவன் நிமிடத்துக்கு 90 சொற்களுக்குமேற் சொல்லுதல் அரிது என்பது நாம் பன்முறை படிப்பித்துக் கண்ட அளவு. ஒன்பது வாக்குறுதிகள் அதற்குள் அடங்கா. அடங்கினும் கேட்போர் நினைவில் நில்லா. இரண்டே போதும் என்றோம்.

எவ்விரண்டை வைத்துக்கொள்வது? இதற்கு மூன்று வினாக்களை வகுத்துக் கொடுத்தோம். இதனைச் செய்யும் அதிகாரம் யாருடையது? எந்நாளில் நடைபெறும்? நடந்ததென்பதை வாக்களித்தவன் எவ்வாறு அறிவான்? “கீர்த்தியை நிலைநாட்டுவேன்” என்பது மூன்றாம் வினாவில் வீழ்ந்தது. நிலைநாட்டப்பட்ட நாளை ஒருவரும் காட்டவியலாது. சிற்றுண்டிச்சாலை விலை முதல் வினாவிலேயே வீழ்ந்தது. விலை, நிருவாகமும் நடத்துநரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அமைவது. மாணவப் பிரதிநிதி அதனைக் குறைக்க இயலாது.

இவ்விடத்தே நாம் கண்ட ஒன்றைக் கூறல் வேண்டும். முன்னொரு தேர்தலில் ஒரு மாணாக்கன் இதே விலைக்குறைப்பைச் சொல்லிப் பெருவாரியான வாக்குகளால் வென்றான். ஒரு தவணை கழிந்தது. தரம் 6 மாணாக்கன் ஒருவன் அவனை மறித்து, “அண்ணை, எப்ப குறையும்?” என்று கள்ளமின்றிக் கேட்டான். அதன்பின் வென்றவன் இடைவேளைகளில் அவ்வழியே செல்வதை விட்டான். பதவி இருந்தது, தலை நிமிர்ந்து நடக்கும் வழி அடைபட்டுப் போயிற்று. அடுத்த தேர்தலிலே அந்தச் சிறுவனின் வகுப்பில் வாக்களிக்க மனமில்லாதோர் பலராயிருந்தனர். பொய்த்த வாக்குறுதி ஒருவனை மட்டும் கெடுப்பதில்லை.

நம் மாணாக்கனை எழுதுமுன் நடந்து வருமாறு அனுப்பினோம். அவன் நூலகரிடம் சென்று, இடைவேளையில் வரிசை நீள்வதாற் பலர் நூல் பெறாது திரும்புவதைச் சொன்னான். மேசையில் உதவ மூத்த மாணாக்கர் வருவராயின், கிழமையில் 2 நாள் பாடசாலை முடிந்தபின் அரைமணி நேரம் திறந்து வைக்க அவர் உடன்பட்டார். பின்னர் அதிபரிடம், விலைப்பட்டியலைப் பெரிய எழுத்தில் வாயிலில் ஒட்ட அனுமதி பெற்றான். வாக்குறுதி என்பது பாதி செய்து முடித்தபின் சொல்லப்படும்போதே பேசுபவன் குரலில் உறுதி தானே வருகின்றது. அதனை உரத்துப் பேசி வருவிக்க வேண்டியதில்லை.

அடுத்தது மொழி. தமிழாசிரியராகிய நாமே இதனைச் சொல்வது சிலர்க்கு வியப்பாகலாம்: இவ்வெழுத்துப்படி செந்தமிழில் அமையலாகாது. செந்தமிழ் மேடையிலே பலரை நோக்கி ஒலிப்பது. காணொளியிலோ முகம் அருகில் தோன்றுகின்றது. பார்ப்பவன் தன்னோடு ஒருவன் கதைப்பதாகவே கொள்கின்றான். அங்கே “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே” என்றால் வகுப்புத் தோழன் சிரிப்பான். மரியாதை குன்றாத பேச்சுத் தமிழே பொருந்தும். “நீ” வேண்டாம், “நீங்கள்” வேண்டும். எதிர் அபேட்சகரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். திருத்திய படி இவ்வாறு அமைந்தது:

“இடைவேளையில நூலகத்துக்குப் போனனீங்களோ? வரிசையில நிண்டு, புத்தகம் கைக்கு வர முதல் மணி அடிச்சிருக்கும். எனக்கும் அப்பிடித்தான் நடந்தது. (இங்கே பெயரும் வகுப்பும்.) நான் ரெண்டு விசயம் மட்டும் சொல்லுறன். ஒண்டு: செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு அரை மணித்தியாலம் நூலகம் திறந்திருக்கும். நூலகரோட கதைச்சிட்டன். உதவிக்கு நிக்க எங்கட வகுப்பில எட்டுப் பேர் வாறம் எண்டிருக்கினம். அடுத்த தவணை முதற் கிழமையில துவங்கும். ரெண்டு: சிற்றுண்டிச்சாலை விலையைக் குறைக்க என்னால ஏலாது, அது என்ர கையில இல்லை. ஆனா விலைப்பட்டியலை வாசலில பெரிசா ஒட்டுவம். அதிபர் சம்மதம் தந்திட்டார். சின்ன வகுப்புத் தம்பிமார் மிச்சக்காசை எண்ணிப் பாத்து வாங்கலாம். தவணை முடிவில நானே வந்து, நடந்ததையும் நடக்காததையும் சொல்லுவன். என்ர இலக்கம் நாலு. மறந்திடாதேங்கோ.”

தொடக்கம் தன் பெயரன்று, கேட்போர் துன்பம் என்பதைக் காண்க. “ஏலாது” என்ற சொல்லை நீக்கிவிட மாணாக்கன் விரும்பினான். நாம் இடங்கொடுக்கவில்லை. இயலாததை இயலாதென்றவன் இயலுமென்பதை நம்புதல் எளிது. பெயரும் இலக்கமும் இறுதியில் எழுத்திலும் தோன்றுதல் வேண்டும். வாக்குச்சீட்டிலே தேடப்படுவன அவையே.

படியைத் தாளின் நடுவே கோடிட்டு எழுதுவித்தோம். வலப்பக்கம் சொல், இடப்பக்கம் அச்சொல்லின்போது காணப்படுவது. நூலக வரிசையைக் காட்டும்போது சிறுவரின் முகங்களைப் பெற்றோர் அனுமதியின்றிக் காட்டலாகாது. பின்புறமிருந்து எடுத்தாற் போதும். பேசுபவன் தொலைபேசித் திரையில் தன் உருவத்தைப் பாராது, படமெடுக்கும் சிறு கண்ணைப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் மண்டபத்திலே அவன் எவரையும் பாராதவனாகத் தோன்றுவான்.

முதற் பதிவு கெட்டது. மைதானத்து மரநிழலில் எடுத்தமையால் காற்றின் இரைச்சல் சொற்களை விழுங்கிற்று. படம் மங்கினும் கேட்போர் பொறுப்பர். சொல் கேளாவிடிற் பொறார். வகுப்பறையொன்றின் சாளரங்களைச் சாத்தி, தொலைபேசியை ஒரு கைநீட்டுத் தூரத்தில் வைத்து மீண்டும் எடுத்தபோது தெளிவாயிற்று. எழுத்துப்படியைக் கையில் வைத்துப் படித்தபோது கண்கள் கீழே ஓடின. ஆகவே தாளை மடித்து வைக்கச் சொன்னோம். மனனஞ் செய்த வாக்கியம் இரண்டோரிடத்தில் மாறிற்று. மாறியவிடத்திலேதான் அவன் இயல்பாகச் சிரித்தான். அதனையே வைத்துக்கொண்டோம்.

அவன் வென்றானா என்று வினவுவோர்க்கு: சில வாக்குகளால் தோற்றான். வென்றவன் மறுநாளே இவனிடம் வந்து, உதவிக்கு நிற்க இசைந்த எட்டுப் பேரின் பட்டியலைக் கேட்டுப் பெற்றுக்கொண்டான். இப்பொழுது செவ்வாயும் வியாழனும் நூலகம் திறந்திருக்கின்றது. மேசையருகே நிற்பவருள் அவனும் ஒருவன்.