வலி போய்விட்டது, ஓடலாமா? பின்தொடைத் தசைக் கிழிசலும் பி.டி. ஆசிரியரின் பொறுப்பும்

பிள்ளை மைதானத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை, "சதை பிடிச்சிருக்கும், எண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாகிடும்" என்பதுதான். தசைப் பிடிப்பு வேறு, தசைக் கிழிசல் வேறு. பிடிப்பு சில நிமிடங்களில் விட்டுவிடும். கிழிசலில் தசையின் இழைகள் சில அறுந்திருக்கும். மறுநாளும் வலிக்கும், குறிப்பிட்ட ஓர் இடத்தில் தொட்டால் நோகும்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, பத்தாம் வகுப்பு மாணவன். பள்ளிக் கால்பந்து அணியில் ஓரமாக வேகமாக ஓடி ஆடுபவன். பந்தைத் துரத்தும்போது பின்தொடையில் 'சுருக்'கென்று இழுத்தது. ஒரு வாரத்தில் வலி நின்றது. மெதுவாக ஓடிப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள், "வலி போயிருச்சு சார்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தில் இறங்கினான். முதல் வேக ஓட்டத்திலேயே அதே இடம் மறுபடி கிழிந்தது. இரண்டாம் முறை குணமாகி அணிக்குத் திரும்ப ஏழு வாரம் ஆயிற்று.

அவன் பொய் சொல்லவில்லை. பின்தொடைத் தசை எப்போது கிழிகிறது என்பதை அறிந்தால் இது புரியும். வேகமாக ஓடும்போது முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே காலுக்கு பிரேக் போட வேண்டியிருக்கிறது. கிழிசல் பெரும்பாலும் அந்த நொடியில்தான் ஏற்படுகிறது. நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் அந்தச் சுமை மிகக் குறைவு. ஆகவே மெதுவான ஓட்டத்தில் வலி இல்லை என்பதை வைத்து வேக ஓட்டத்துக்குத் தசை தயாராகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு முறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அதனால் நாள்கணக்கை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு படியையும் சோதித்துத் தாண்ட வேண்டும். மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் பிள்ளையை எப்போதாவதுதான் பார்க்கிறார்கள். மைதானத்தில் அன்றாடம் பார்ப்பவர் உடற்கல்வி ஆசிரியர்.

முதல் படி, அடிபட்ட நேரமும் அடுத்த சில நாட்களும். ஆசிரியர் செய்ய வேண்டியது ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி மாணவனை வெளியே அழைப்பது. ஸ்பிரே அடித்துத் திரும்ப இறக்கக் கூடாது. பிறகு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: 'டப்' என்று சத்தம் கேட்டதா? வலி தொடையின் நடுவிலா, பிட்டத்து எலும்பின் அருகிலா? உட்கார முடிகிறதா? வளரும் வயதில் பின்தொடைத் தசை தொடங்கும் அந்த எலும்பு முழுமையாக ஒட்டியிருக்காது. தசை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். பிட்டத்தருகே வலியும் உட்கார முடியாமையும் இருந்தால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதை ஆசிரியர் வீட்டுக்குத் தெளிவாகச் சொல்லியனுப்ப வேண்டும்.

வீட்டில் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுப்பதும், கிரேப் பேண்டேஜ் கட்டுவதும், படுக்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைப்பதும் போதும். இந்த நாட்களில் நீவுவதும் சூடு ஒத்தடமும் உள்ளே இரத்தக் கசிவைக் கூட்டலாம். இழுத்து நீட்டும் பயிற்சியும் வேண்டாம். தொழுகையில் ருகூவு செய்வதும் இதே தசையைத்தான் நீட்டுகிறது. வலி இருக்கும்வரை இயன்ற அளவு மட்டும் குனிந்தால் போதும் என்பதை உம்மாவோ வாப்பாவோ பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் படி, நொண்டாமல் நடக்க முடிந்த பிறகு. முழு ஓய்வு இனி தேவையில்லை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பை உயர்த்தும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் தொடங்கிவைப்பார். முதலில் இரு காலால், பிறகு ஒரு காலால். லேசான இழுப்பு தெரியலாம், வலி கூடக் கூடாது. இந்தப் படியில் ஆசிரியர் மாணவனை வகுப்பிலேயே வைத்திருக்க வேண்டும். ஸ்கோர் எழுதலாம், நின்ற இடத்தில் பந்தைக் கையால் வீசிப் பழகலாம். ஓரமாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளை, கூட்டத்தில் சேரும் ஆசையில் வலியை மறைக்கும். வகுப்புத் தொடக்கத்தில் எல்லோரும் குனிந்து கால்விரலைத் தொடும்போது அவனுக்கு விலக்கு தர வேண்டும்.

மூன்றாம் படி ஓட்டம். நம் மாணவன் முதல் முறை தாண்டிக் குதித்தது இந்தப் படியைத்தான். இரண்டாம் முறை அவனுடைய ஆசிரியர் 60 மீட்டர் தூரத்தை மூன்றாகப் பிரித்துக் கோன்கள் வைத்தார். முதல் 20 மீட்டரில் வேகத்தைக் கூட்ட வேண்டும், நடு 20 மீட்டரில் ஒரே வேகம், கடைசி 20 மீட்டரில் மெல்லக் குறைக்க வேண்டும். முதலில் பாதி வேகம், பிறகு முக்கால், அதன்பின் முழு வேகம். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. ஓடும்போது வலித்தாலோ, மறுநாள் காலையில் தொடை இறுகியிருந்தாலோ ஒரு படி கீழே இறங்க வேண்டும். முக்கால் வேகத்தில் ஒருமுறை அப்படி ஆனது. மூன்று நாள் பாதி வேகத்திலேயே ஓடிவிட்டுத் திரும்பவும் ஏறினான்.

இதே காலத்தில் நார்டிக் பயிற்சியும் சேர்ந்தது. மண்டியிட்டு நிற்பவரின் கணுக்கால்களை ஆசிரியர் அழுத்திப் பிடிக்க, அவர் உடலை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். தசை நீண்டுகொண்டே பிரேக் போடும் வேலையை இது பழக்குகிறது. இதைச் சேர்த்த பயிற்சித் திட்டங்கள் பின்தொடைக் காயங்களைச் சுமார் பாதியாகக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் முதல் வாரத்துக் காயத்தில் இதைத் தொடங்கக் கூடாது.

நான்காம் படி அணிக்குத் திரும்புதல். மற்ற சோதனைகள் எல்லாம் சரியான பிறகு பிசியோதெரபிஸ்ட் கடைசியாக ஒன்று செய்வார். படுத்த நிலையில் முழங்காலை மடக்காமல் காலை முடிந்த வேகத்தில் மேலே தூக்கச் சொல்வார். வலி இல்லாவிட்டாலும் "பயமா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அதைக் கோழைத்தனமாக ஆசிரியர் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் பிறகு திடீரென நிற்பது, திரும்புவது, ஓங்கி உதைப்பது எல்லாம் உள்ள முழுப் பயிற்சிகளில் சில நாட்கள் கலந்துகொள்ள வேண்டும். தசை களைத்திருக்கும்போது கிழிவது எளிது என்பதால், பயிற்சியின் முடிவிலும் சில வேக ஓட்டங்கள் ஓடிப் பார்க்க வேண்டும்.

2016-இல் வெளியான பேர்ன் ஒருமித்த அறிக்கை பயிற்சிக்குத் திரும்புவது, ஆட்டத்துக்குத் திரும்புவது, பழைய திறனுக்குத் திரும்புவது என மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. முதல் ஆட்டத்தில் 20 நிமிடம் மட்டும் இறக்கிவிட்டு, அடுத்த ஆட்டத்தில் நேரத்தைக் கூட்டுவது ஆசிரியரின் கையில் இருக்கிறது. இறுதிப் போட்டி என்பதற்காக இந்தக் கணக்கை மாற்றக் கூடாது. நார்டிக் பயிற்சியும் அந்தப் பருவம் முடியும்வரை தொடர வேண்டும்.

பெற்றோராக நாம் ஆசிரியரைச் சந்தித்தால், "எப்போ ஆடலாம் சார்?" என்று கேட்பதைவிட, "முழு வேகத்தில் ஓட வைத்துப் பார்த்தீர்களா? மறுநாள் காலையில் எப்படி இருந்தது என்று கேட்டீர்களா?" என்று கேட்பது நல்லது. மறுநாள் காலையில் கால் எப்படி இருக்கிறது என்பதை வீட்டில் நாம்தான் பார்க்க முடியும். அதை அன்றே ஆசிரியரிடம் சொல்லியனுப்ப வேண்டியதும் நாம்தான்.